பெவல் கியர்: பல் எண்ணிக்கையிலிருந்து கோணமும் வெளி விட்டமும்

கேள்வி: 90 டிகிரி ஷாஃப்டில் ஓடும் நேர்ப்பல் பெவல் கியர் ஜோடி. பினியனுக்கு 20 பல், பெரிய கியருக்கு 40 பல், மாட்யூல் 3. பிட்ச் கோன் கோணமும், பிளாங்க் கடைய வேண்டிய வெளி விட்டமும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

கோணத்துக்கு மாட்யூல் தேவையே இல்லை. பல் எண்ணிக்கை போதும்.

முதலில் ஒரு தாளில் இரண்டு ஷாஃப்டின் மையக் கோடுகளையும் செங்குத்தாக வெட்டும்படி போடுங்கள். வெட்டும் புள்ளிதான் இரண்டு கோன்களுக்கும் பொதுவான உச்சி. பிட்ச் விட்டம் என்பது மாட்யூல் பெருக்கல் பல், அதாவது 60, 120. பாதி எடுத்தால் ஆரம் 30, 60. இரண்டு கோன்களும் தொட்டு உருளும் கோடு அந்த உச்சியிலிருந்து சாய்வாகப் போகும். அதன் வெளி முனை பினியன் ஷாஃப்டிலிருந்து 30 மி.மீ. தள்ளியும், கியர் ஷாஃப்டிலிருந்து 60 மி.மீ. தள்ளியும் இருக்கும். 30, 60 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம் அங்கேயே கிடைத்துவிட்டது. பினியன் கோணத்தின் டேன் 30/60. மேலும் கீழும் இருக்கும் மாட்யூல் அடிபட்டுப் போவதால் அது 20/40 என்றே நிற்கிறது.

```
tan δ1 = z1/z2 = 20/40 = 0.5
δ1 = 26.565° = 26°34'
δ2 = 90° - δ1 = 63°26'
```

எண்ணைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், பல் குறைந்த கியருக்குத்தான் சிறிய கோணம் வர வேண்டும் என்பதைப் பாருங்கள். இரண்டிலும் சம பல் என்றால் நேராக 45 டிகிரி. ஆனால் ஷாஃப்ட் கோணம் 90 இல்லையென்றால் இந்தச் சூத்திரம் செல்லாது.

சரி, வெளி விட்டம். ஸ்பர் கியரில் பல்லின் தலை ஷாஃப்டுக்கு நேர் குத்தாக எழும்பும். அதனால் விட்டத்தோடு இரண்டு மாட்யூல் கூட்டுகிறோம். பெவலில் பல் எழும்புவது பிட்ச் கோன் கோட்டுக்குக் குத்தாக. தலை உயரம் பெரிய முனையில் ஒரு மாட்யூல்தான், ஆனால் சாய்ந்து நிற்பதால் அதில் ஒரு பங்கு மட்டுமே விட்டத்தில் சேரும். அந்தப் பங்குதான் cos.

```
OD = m (z + 2 cos δ)
பினியன்: 3 × (20 + 2 × 0.8944) = 65.37
கியர்:   3 × (40 + 2 × 0.4472) = 122.68
```

கோணம் பூஜ்யம் என்று வைத்துப் பாருங்கள், பழைய ஸ்பர் கியர் சூத்திரமே திரும்ப வரும். 90 என்று வைத்தால் கூடுவது ஒன்றுமில்லை, பல் முழுக்க முன்பக்கமாக நீட்டி நிற்கும். பெரிய கியரில் 2.68 மட்டுமே கூடுவது இதனால்தான்.

லேத்தில் கடையும்போது காம்பவுண்ட் ஸ்லைடை 26°34' திருப்பி வைப்பவர்கள் உண்டு. அது பிட்ச் கோன், பல்லுக்கு நடுவே ஓடும் கற்பனைக் கோடு. பிளாங்கின் முகம் அதைவிடச் சற்றுத் திறந்திருக்கும். கோன் நீளம் √(30² + 60²) = 67.08. தலை உயரம் 3 என்பதால் கூடும் கோணத்தின் டேன் 3/67.08, அதாவது 2°34'. பினியனுக்கு முகக் கோணம் 29°08', கியருக்கு 66°. இது ஷாஃப்ட் அச்சிலிருந்து அளக்கும் கோணம். உங்கள் ஸ்லைடின் பூஜ்யம் படுக்கைக்குக் குறுக்கே இருந்தால் 90-இலிருந்து கழித்து வையுங்கள்.

அப்புறம், பழைய கியரை அளந்து மாட்யூல் பிடிக்கும் வேலை. வெர்னியரில் 65.37 வந்ததும் ஸ்பர் பழக்கத்தில் பல்லோடு 2 கூட்டி, 22-ஆல் வகுத்தால் 2.97. ஜோடிக் கியரை 42-ஆல் வகுத்தால் 2.92. ஒன்றோடொன்று ஓடும் இரண்டுக்கும் வெவ்வேறு மாட்யூல் வந்தாலே சூத்திரம் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குப் பதில் z + 2 cos δ, அதாவது 21.789, 40.894 ஆகியவற்றால் வகுத்தால் இரண்டிலும் 3 வரும். விளிம்பின் கூர்மையை உடைத்திருந்தால் சற்றுக் குறைவாகக் காட்டும்.

சரியான சூத்திரம் போட்டும் ஒத்துவரவில்லையா? பினியனில் 3.08, கியரில் 2.98 என்று பினியன் பக்கம் கூடுதலாக வந்தால், அது கிளீசன் முறையில் வெட்டிய ஜோடியாக இருக்கலாம். அதில் பினியன் பல்லின் தலையை உயர்த்தி, கியர் பல்லின் தலையைத் தாழ்த்தியிருப்பார்கள். 1:2 ஜோடியில் கியரின் தலை 0.655 மாட்யூல், பினியனுடையது 1.345 மாட்யூல். நம் கணக்கில் பினியன் 67.22, கியர் 121.76 ஆகும். பிட்ச் கோன் கோணம் மட்டும் மாறாது. அப்படிப்பட்ட ஜோடியில் ஒன்று உடைந்து, அதை மட்டும் சாதா உயரத்தில் வெட்டிப் போட்டால் சரியாகக் கடிக்காது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், அல்லது உடைந்ததை அதே கிளீசன் உயரத்தில் வெட்டச் சொல்லுங்கள்.