ரெண்டாவது தடவ ஏன் கேட்டீங்க?

அன்புள்ள அண்ணா,

டெட் எக்ஸாமுக்கு படிச்சுட்டு இருக்கேன், பிள்ளைங்களோட யோசனை எப்படி வளருதுன்னு உளவியலாளர் பியாஜே சொன்ன நாலு நிலையும் மனப்பாடம். புக்ல இருந்த சோதனைய என் பொண்ணுகிட்ட செஞ்சு பாத்தேன், அஞ்சே கால் வயசு. எட்டெட்டு புளியங்கொட்டைய ரெண்டு வரிசையா வச்சு, ஒரு வரிசைய மட்டும் தள்ளித் தள்ளி வச்சேன். நீளமா இருக்கறதுலதான் நெறைய இருக்குன்னுட்டா. அப்போ ஏழு வயசு வரைக்கும் அவளுக்கு இது புரியாதா? இந்த நிலைகளே தப்புன்னு இப்போ சொல்றாங்களாமே, எத நம்பறது?

– தேனியிலிருந்து ஒரு வாசகி

வணக்கம்மா.

நீங்க புக்ல இருக்கற மாதிரியே செஞ்சிருந்தா அவகிட்ட ரெண்டு தடவ கேட்டிருப்பீங்க. சமமா வச்சுட்டு "ரெண்டும் ஒரே அளவா?"ன்னு ஒரு தடவ, ஒரு வரிசைய நீட்டி வச்சுட்டு அதே கேள்விய இன்னொரு தடவ. இப்ப அவ எடத்துல இருந்து பாருங்க. அவ கண்ணு முன்னாடியே அம்மா எதையோ மாத்திட்டு, இப்பதான் பதில் சொன்ன கேள்விய திரும்பக் கேக்கறாங்க. வீட்ல நாம "கை கழுவுனியா?"ன்னு ரெண்டாவது தடவ கேட்டா "நீ கழுவல"ன்னுதான அர்த்தம், பிள்ளைங்களுக்கு இது நல்லாவே தெரியும். அதனால மொத சொன்னது தப்பு போலன்னு பதில மாத்திடுவாங்க.

இது வெறும் ஊகம் இல்ல. 1974ல ரோஸ், பிளாங்க்னு ரெண்டு பேர், மொத கேள்விய விட்டுட்டு நீட்டி வச்சதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவ மட்டும் கேட்டுப் பாத்தாங்க, ஆறு வயசுப் பிள்ளைங்க தப்பு பண்றது கொறஞ்சிடுச்சு. அதே சமயத்துல ஸ்காட்லாந்துல மெக்காரிகிள், டொனால்ட்சன் ரெண்டு பேரும் ஒரு கரடி பொம்மைய கொண்டு வந்தாங்க. நாலு வயசுலேருந்து ஆறு வயசு வரைக்கும் 80 பிள்ளைங்க. பெரியவங்க கையால வரிசைய நீட்டுனப்போ நூத்துக்கு 16 பேருதான் சரியா சொன்னாங்க, அதே பிள்ளைங்ககிட்ட "ஐயோ, இந்த சேட்டக்கார கரடி பெட்டிலேருந்து வந்து எல்லாத்தையும் கலைச்சிடுச்சே"ன்னு வரிசைய நீட்டுனப்போ நூத்துக்கு 60 பேருக்கு மேல சரியா சொன்னாங்க. வரிசையும் அதே, கேள்வியும் அதே, மாத்துனது யாருங்கறது மட்டும்தான் வேற.

ஆனா இதோட பியாஜே காலின்னு முடிவு பண்ணிடாதீங்க. கரடி பண்ற கூத்துல பிள்ளைங்க வரிசையவே கவனிக்காம விட்டுட்டு பழைய பதிலையே சொல்லிருக்கலாம்ல? 1986ல மூர், ஃப்ரை ரெண்டு பேரும் இத சோதிச்சாங்க. கரடி நெஜமாவே ஒன்ன எடுத்தாலோ சேத்தாலோ, அதையும் பிள்ளைங்க சரியா கவனிக்கல. அதனால கரடி வந்து சரியா சொன்ன எல்லாருக்கும் நல்லா புரிஞ்சிருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது 1995ல அமெரிக்காவுல சீக்லர் செஞ்சதுதான். நம்ம பொண்ணு மாதிரி தப்பா சொல்ற அஞ்சு வயசுப் பிள்ளைங்கள எடுத்து, பல நாள் திரும்பத் திரும்ப இதே மாதிரி கணக்கு குடுத்து, ஒவ்வொரு தடவையும் எப்படி யோசிச்சாங்கன்னு கேட்டாரு. ஒரே பிள்ள ஒரு தடவ நீளத்த சொல்லும், இன்னொரு தடவ எண்ணிப் பாக்கும், இன்னொரு தடவ "நகத்துனதுதான, எதையும் எடுக்கலயே"ன்னு சொல்லும், அடுத்த தடவ மறுபடி நீளத்துக்கே போயிடும். ஒரு நாள் ராத்திரி தூங்கி எந்திரிச்சு அடுத்த நிலைக்கு போற மாதிரி இல்ல, பழசும் புதுசும் ஒன்னா இருந்து, கொஞ்சங் கொஞ்சமா சரியான வழி அதிகமாகுது. பியாஜேவுக்கே இதுல ஒரு எடஞ்சல் இருந்துச்சு, எண்ணிக்கை மாறாதுன்னு ஆறு ஏழு வயசுல புரியற பிள்ளைக்கு, களிமண் உருண்டைய நசுக்கி தட்டையாக்குனாலும் எடை மாறாதுன்னு புரிய ஒம்பது பத்து வயசாகும்னு அவரே எழுதிருக்காரு. ரெண்டும் ஒரே நிலைக்குள்ளதான வருது, அப்புறம் ஏன் இத்தன வருஷ இடைவெளி?

எக்ஸாம்ல கேட்டா "செயலுக்கு முற்பட்ட நிலை, ரெண்டுலேருந்து ஏழு வயசு"ன்னே எழுதுங்க, மார்க் அதுக்குத்தான். எது மொதல்ல வரும் எது அப்புறம் வரும்ங்கற வரிசை பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு, கேள்விக்குள்ளானது வயசுக் கோடும், எல்லாம் ஒன்னா மாறிடும்ங்கறதும்தான்.

பொண்ணுகிட்ட இன்னொரு தடவ செய்ங்க. மொத நாலு கொட்டை போதும், நீட்டி வச்சுட்டு ஒரு தடவ மட்டும் கேளுங்க. நடுநடுவுல நெஜமாவே ஒன்ன எடுத்துடுங்க, அப்பவும் "ஒரே அளவு"ன்னு சொன்னா அவ கவனிக்கலன்னு தெரிஞ்சிடும். தப்பா சொன்னா திட்டாம, "ரெண்டும் ஒன்னுதான்னு நான் சொல்றேன், எனக்கு எப்படி தெரிஞ்சதுன்னு நெனைக்கற?"ன்னு கேளுங்க. சீக்லர்கிட்ட வந்த பிள்ளைங்கள்ல ரொம்ப முன்னேறுனது இப்படி பெரியவங்களோட காரணத்த விளக்கச் சொல்லி கேட்டவங்கதான், சரி தப்புன்னு மட்டும் சொல்லி விட்டவங்க இல்ல. அவ என்ன காரணம் சொன்னாங்கறத அப்படியே எழுதி அனுப்புங்க.