7 நாளில் கட்டினால் 2% கழிவு: வாங்கலாமா, பணத்தைப் பிடித்து வைக்கலாமா?

"திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். மாதம் 10 லட்சத்துக்கு நூல் எடுக்கிறேன், ஜிஎஸ்டி தனி. மில்லில் 30 நாள் கடன். 7 நாளில் பணம் கட்டினால் 2% கேஷ் டிஸ்கவுண்ட் தருகிறேன் என்கிறார்கள். பேங்கில் சி.சி., அதாவது கேஷ் கிரெடிட் கடன் வசதி இருக்கிறது, வட்டி 11%. அதில் எடுத்துக் கட்டலாமா, பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லதா?"

நீங்கள் சொல்லும் கணக்குப்படி, சி.சி.யில் இடம் இருந்தால் கட்டிவிடுங்கள். 2 என்பதையும் 11 என்பதையும் நேராக ஒப்பிடுவதால்தான் பலருக்கு இதில் தயக்கம் வருகிறது. 11% ஒரு வருஷத்துக்கான வட்டி. 2% கிடைப்பதோ, 7ஆம் நாளுக்கும் 30ஆம் நாளுக்கும் நடுவில் உள்ள 23 நாளுக்கு.

ரூபாயில் பார்ப்போம். நூல் 10,00,000, அதற்கு 5% ஜிஎஸ்டி 50,000. கழிவு பெரும்பாலும் நூல் மதிப்புக்கு மட்டும்தான், அதாவது 20,000. நீங்கள் கட்ட வேண்டியது 10,30,000. இதை 23 நாள் முன்னதாக சி.சி.யில் எடுத்தால் கூடுதல் வட்டி சுமார் 7,140 ரூபாய். மிச்சம் 12,860. வருஷக் கணக்குக்கு மாற்றினால் மில் உங்களுக்குக் கிட்டத்தட்ட 31% தருகிறது. வெளியில் மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டினால்கூடக் கொஞ்சம் மிஞ்சும். மூன்று வட்டி என்றால் நஷ்டம்.

ஆனால் இந்தக் கணக்கு நிற்பது, நீங்கள் உண்மையில் 30ஆம் நாள் பணம் கட்டுகிறவர் என்றால்தான். பில்லில் 30 என்று இருந்தாலும் பல யூனிட்கள் 60ஆம் நாள்தான் கட்டுகின்றன, மில்லும் பேசாமல் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் விட்டுக்கொடுப்பது 53 நாள். வட்டி 16,450 ஆகிவிடும், மிச்சம் வெறும் 3,550. அதற்காகப் பணத்தை முடக்க நான் சொல்ல மாட்டேன். கடந்த ஆறு மாதப் பில்களை எடுத்து, எத்தனையாவது நாளில் கட்டினீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். அதே சமயம், மில் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் 60 நாள் என்ற வழியே கிடையாது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். அதைத் தாண்டி, மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த வருஷ வருமானத்தில் கழிக்க முடியாது.

அடுத்தது சி.சி.யில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. உங்களைப் பொறுத்தவரை கையில் பணம் என்பதே சி.சி.யில் எடுக்காமல் விட்டிருக்கும் தொகைதான். அதனால் இன்றைய இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரும் 23 நாளை ஒரு தாளில் போடுங்கள்: சனிக்கிழமைக் கூலிகள், சாயப்பட்டறை பில், கரண்ட் பில், 20ஆம் தேதி ஜிஎஸ்டி. பையரிடமிருந்து வர வேண்டிய பணத்தை இரண்டு வாரம் தள்ளி எழுதுங்கள். அந்தத் தாளில் எந்த நாள் இடம் மிகக் குறைவோ, அந்த நாளிலும் நூல் பணம் போக இரண்டு வாரக் கூலி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் எல்லாப் பில்லுக்கும் கழிவு வாங்க வேண்டாம். மில் ஒத்துக்கொண்டால் நான்கில் இரண்டு பில்லை மட்டும் கட்டலாம். 12,860 ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஒரு சனிக்கிழமை கூலி நின்றால், திங்கட்கிழமை டெய்லர் பக்கத்து யூனிட்டில் இருப்பார்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. சி.சி.யில் எவ்வளவு வரை எடுக்கலாம் என்று பேங்க் டிராயிங் பவர் போடும்போது, சரக்கு மதிப்பிலிருந்து நீங்கள் மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்துவிடும். பாக்கியைக் கட்டிவிட்டால் அடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் டிராயிங் பவர் ஏறும். 25% மார்ஜின் என்றால், கட்டியதில் முக்கால் பங்கு அளவுக்கு. ஆனால் சாங்ஷன் ஆன லிமிட்டைத் தாண்டாது. ஸ்டேட்மெண்ட் கொடுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும்.

பணத்தை விடப் பெரிய விஷயம் நூலின் தரம். கவுண்ட், அதாவது நூலின் பருமன், மாறியிருந்தால் கோனில் பார்த்தால் தெரியாது. நிட்டிங் முடிந்து, சாயம் போட்ட பிறகுதான் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் 7 நாள் ஓடியிருக்கும். பணம் மில்லிடம் இருக்கும்போது கிளெய்ம் பேசுவதும், பாக்கி உங்களிடம் இருக்கும்போது பேசுவதும் ஒன்றல்ல. அதனால் பல வருஷம் எடுத்த மில் என்றால் கழிவை வாங்குங்கள். புது மில், அல்லது புது லாட் என்றால் முதல் சாயம் வெளியே வரும் வரை பணத்தைப் பிடித்து வையுங்கள்.

அப்புறம், கழிவு கொடுப்பதற்காக மில் கிலோவுக்கு மூன்று, நான்கு ரூபாய் ஏற்றிச் சொல்கிறதா என்று பாருங்கள். அதே கவுண்டுக்கு வேறு இரண்டு மில்களில் 'கழிவு போக நெட் ரேட் என்ன, 30 நாள் ரேட் என்ன' என்று தனித்தனியாகக் கேட்டால் தெரிந்துவிடும்.