அப்பாவின் பிறந்தநாள் வாழ்த்தில் எந்தக் குறள் பொருந்தும்?

கேள்வி: அப்பாவுக்கு 60 வயது. அட்டையில் ‘நிலமிசை நீடுவாழ்வார்’ என்று போடலாமா?

வேண்டாம். அது 3-ஆம் குறளின் பாதி. இறைவன் அடி சேர்ந்தவர்களைப் பற்றியது. பரிமேலழகர் அதற்கு வீட்டுலகில் அழிவின்றி வாழ்வார் என்றே உரை சொல்கிறார். 50-ஆம் குறளிலும் இதே சிக்கல்தான்: ‘வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்’ என்ற பகுதி இரங்கல் வாசகமாகவே காதில் விழும். ‘வாழ்வாங்கு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

70-ஆம் குறள் (‘மகன்தந்தைக்கு ஆற்றும் உதவி’) அப்பாவைச் சொல்வதுபோல் தோன்றும். ஆனால் புகழ் மகனுக்குப் போகிறது. மகனே எழுதினால் தற்பெருமையாகிவிடும். பிள்ளைகள் தரும் அட்டைக்கு நான் தேர்ந்தெடுப்பது 67:

தந்தை மகற்காற்றும் நன்றி அவையத்து
முந்தி இருப்பச் செயல்

முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று. அச்சுக்குக் கொடுக்குமுன் எண்ணிப் பாருங்கள். ‘இருப்பச்’ என்பதில் ‘ச்’ விடுபடுவது வழக்கமான பிழை. ‘நன்றி’ இங்கே செய்த நன்மை.

குறளைத் தனியே நிற்க விடாமல் உங்கள் வாக்கியத்தோடு சேருங்கள்: “எங்களைப் படிக்க வைத்து, ‘அவையத்து முந்தி இருப்பச்’ செய்த அப்பா, நீங்கள் நலமோடு வாழ்வாங்கு வாழ வேண்டும். வணங்குகிறோம்.” பெரியவருக்குச் சிறியவர்கள் எழுதுவதால் ‘வாழ்த்துகிறோம்’ என்பதைவிட ‘வணங்குகிறோம்’ இயல்பு.

‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்பதைத் தவிர்த்துவிடுங்கள். அது மணமக்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் ஆசி.