ஜி.எம்.பி. தேர்வில் பூச்சிக் கட்டுப்பாட்டுக் கேள்விகள்: பசை அட்டையில் இருப்பது எந்தப் பூச்சி?

கேள்வி: நல்ல உற்பத்தி நடைமுறைத் தேர்வுக்குப் படிக்கிறேன். பூச்சிக் கட்டுப்பாடு, கட்டட அமைப்பு பற்றிய கேள்விகளில் நான்கு விடைகளுமே சரியாகத்தான் தோன்றுகின்றன. எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியில் எந்தப் பூச்சியின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தப் பெயரே பெரும்பாலும் விடையைக் காட்டிவிடும். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் பணிபுரிகிறேன். புதிதாக வருபவர்களுக்கு இதை ஒரே கேள்வியை மூன்று விதமாக மாற்றித்தான் விளக்குவேன்.

பொட்டலமிடும் அறையில் ஒரு ஒளிப்பொறி இருக்கிறது. மழை தொடங்கிய வாரத்தில் அதன் பசை அட்டை நிறைய ஈசல் ஒட்டியிருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறையில் மருந்து அடிப்பது, இன்னொரு பொறி மாட்டுவது, அட்டையை அடிக்கடி மாற்றுவது, வாசல் விளக்கையும் கதவையும் சரிசெய்வது என நான்கு விடைகள் இருக்கும். ஈசல் மண்ணிலிருந்து கிளம்பி வெளிச்சத்தைத் தேடி வருவது. முந்திரிப் பருப்பில் அது பெருகாது. ஆகவே அது உள்ளே இருக்கிறது என்றால் வழி திறந்திருக்கிறது, வெளிச்சம் அதை அழைக்கிறது என்ற இரண்டுமே பெரும்பாலும் காரணம். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால் இந்தத் தொல்லை ஆண்டுக்கு ஒருமுறையோடு முடிவதில்லை. கதவுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால், அதைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி ஒரு கம்பத்தில் மாட்டி, அங்கிருந்து வாசலுக்கு ஒளி விழச் செய்ய வேண்டும். புற ஊதாக் கதிர் குறைந்த மஞ்சள் விளக்காக அது இருப்பது நல்லது. கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். அதன் அடியில் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சுண்டெலியே நுழைந்துவிடும். இன்னொரு பொறி என்ற விடை பலரை ஏமாற்றிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் மாட்டிய ஒளிப்பொறி பூச்சிகளை உள்ளே வரவழைக்கும் விளக்காகவே வேலை செய்யும்.

பொறியைப் பற்றி இன்னொன்றும் கேட்பார்கள். பூச்சி மின்கம்பியில் பட்டு எரியும் வகைப் பொறியில் இறகும் காலும் சிதறிப் பறக்கும். அதனால் திறந்த உணவு உள்ள அறைக்குப் பசை அட்டை வகையே ஏற்றது. அதையும் பொட்டலமிடும் மேசைக்கு மேலே தொங்கவிடக் கூடாது.

இனி அதே கேள்வியில் ஈசலுக்குப் பதிலாகச் சிவப்பு மாவு வண்டு என்று வைத்துப் பாருங்கள். உடனே விடை மாறிவிடும். இந்த வண்டு உடைந்த பருப்பிலும் பருப்புத் தூளிலும் முட்டையிட்டுப் பெருகுவது. கதவை எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் அது குறையாது. அறைக்குள்ளேயே எங்கோ பழைய தூள் தேங்கிக் கிடக்கிறது என்றுதான் பொருள். சுவரோடு ஒட்டி அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால், இயந்திரத்தின் அடித்தட்டில், தரையும் சுவரும் சேரும் மூலையில் தேட வேண்டும். சரக்குக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 45 சென்டிமீட்டர் விட வேண்டும் என்பதும், தரை மூலையை வளைவாகப் பூச வேண்டும் என்பதும் இதற்காகவே: ஆள் நுழைந்து பார்க்க முடிய வேண்டும், துடைப்பம் எட்டாத இடம் இருக்கக் கூடாது. காரணம் தெரிந்துவிட்டால் இந்த அளவுகளைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது, வடிகால் ஈ. மயிர் அடர்ந்த சிறகுகளோடு சுவரில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இந்தச் சிறிய ஈயின் புழுக்கள் வடிகால் குழாயின் உட்சுவரில் படிந்த வழவழப்பில் வளர்கின்றன. மருந்து அடித்தால் பறப்பவை சாகும். புழுக்கள் அப்படியே இருக்கும். சில நாட்களில் மறுபடியும் ஈக்கள் வரும். எந்த வடிகால் என்று கண்டுபிடிக்க, பசை நாடாவைப் பசைப்பக்கம் கீழே இருக்கும்படி, காற்று போக இடம் விட்டு, ஒவ்வொரு மூடியின் மேலும் இரவில் ஒட்டி, காலையில் எதில் ஈ ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குழாயைத் தூரிகையால் தேய்த்து வழவழப்பை அகற்ற வேண்டும். அதன் வளைவில் தேங்கி நின்று வழியை அடைக்கும் நீர் வற்றிப் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதிகம் பயன்படுத்தாத வடிகாலில் அது எளிதில் வற்றிவிடும்.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் உணவுச் சுகாதாரக் கோட்பாடுகளில் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பகுதி நுழைவைத் தடுத்தல், தங்குமிடம் தராதிருத்தல், கண்காணித்தல், ஒழித்தல் என்ற வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. விடைகளை அந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தால், வழியைத் திறந்தே வைத்துவிட்டு ஒழிப்பதைப் பற்றிப் பேசும் விடை எது என்று தெரிந்துவிடும்.

மருந்து அடிப்பது எப்போதுமே தவறான விடை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க உணவு விதிகளின் 117-ஆம் பகுதியும் அதைத் தடை செய்யவில்லை. உணவும், உணவு படும் பரப்புகளும், பொட்டலப் பொருள்களும் மாசுபடாதவாறு காக்கும் கட்டுப்பாடுகளோடு மட்டுமே அனுமதிக்கிறது. ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது, தேங்கிய தூள் அகற்றப்பட்டுவிட்டது, அதற்குப் பிறகும் வண்டு இருக்கிறது என்று கேள்வியே சொன்னால், பயிற்சி பெற்றவரைக் கொண்டு மருந்திடுவதே சரியான விடை. கேள்வியின் கடைசி வரியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.