பழைய இதழ்களைப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய: தொண்டர்களுக்கு ஒரு வார ஒழுங்கு

கேள்வி: எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 1940, 50களின் மாத இதழ்களை இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கொடுத்திருக்கிறார். வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேர் போனில் படம் எடுத்து, அதைப் பார்த்துக் கையாலேயே தட்டச்சு செய்கிறார்கள். முதல் மாதத்திலேயே எந்தப் படம் யாரிடம், எது முடிந்தது என்று குழம்பிவிட்டது. யார் எந்த நாளில் எதைச் செய்வது என்று அவர்கள் கையில் கொடுக்கிற மாதிரி ஒரு தாள் எழுதித் தருவீர்களா? வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை.

பதில்: இரண்டு வாரத்துக்குப் படம் எடுப்பதை நிறுத்திவையுங்கள். இந்த வேலையில் குழப்பம் எப்போதும் அங்கேதான் பிறக்கிறது. படம் எடுப்பது வேகமான வேலை, ஒரு மணி நேரத்தில் ஒரு முழு இதழே முடிந்துவிடும். தட்டச்சு மெதுவாகப் போகும், தட்டச்சானதை மூலத்தோடு ஒப்பிடுவது கடைசி வரை நடக்கவே நடக்காது. ஆகவே வாரத்துக்கு எத்தனை பக்கம் என்பதை ஒப்பிடக் கிடைக்கும் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு பத்தி அமைப்புள்ள பழைய இதழில் பக்கத்துக்கு ஏறக்குறைய 400 சொல் இருக்கும். பழகாத கைக்கு அதை அடிக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பிட கால் மணி. ஆறு பேர் ஆளுக்கு இரண்டு பக்கம் அடித்தால் 12 பக்கம். மூன்று ஜோடிகளாகப் பிரிந்தால் ஜோடிக்கு நாலு பக்கம், ஒரு மணி நேரத்தில் ஒப்பிட்டு முடித்துவிடலாம். எனவே உங்கள் நூலகத்துக்கு வாரம் 12 பக்கம். அறுபது பக்க இதழுக்கு ஐந்து வாரம் ஆகும், ஆகட்டும். இனி வருவது பிள்ளைகளுக்கான தாள்.

ஞாயிறு காலை: படம். இந்த வாரத்தின் 12 பக்கத்தை மட்டும் எடுங்கள். ஜன்னலோர மேசை போதும், நேர் வெயிலும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். போன் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். எடுக்கும் பக்கத்துக்கு அடியில் ஒரு பச்சை சார்ட் துண்டைச் செருகுங்கள். தாள் மெலிந்திருந்தால் அடுத்த பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிவது இதனால் குறையும். இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகளுக்கும் இது அவசியம். சார்ட் இல்லாவிட்டால் ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து எழுத்து எட்டிப் பார்க்கும், அடிக்கிறவர் அதையும் சேர்த்து அடித்துவிடுவார். ஓட்டை பச்சையாகத் தெரிந்தால் அந்தச் சந்தேகமே எழாது.

படம் தேறியதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். பக்கத்திலேயே பொடி எழுத்து உள்ள இடத்தைப் பெரிதாக்கி, மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே புள்ளி தெரியாவிட்டால் மறுபடி எடுங்கள். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்: ‘கல்’ ‘கல’ ஆகும், ‘பால்’ ‘பால’ ஆகும். பழைய தாளின் பழுப்புப் பொட்டு எழுத்தின் தலையில் விழுந்து, இல்லாத புள்ளியை இருப்பதுபோல் காட்டுவதும் உண்டு. அந்த இடங்களில் தாளையே எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், முதலில் அழிவது புள்ளிதான். அனுப்பியே ஆகவேண்டுமானால் கோப்பாக (டாக்குமெண்ட்) அனுப்புங்கள். ஞாயிறு மதியத்துக்குள் படத்துக்குப் பெயர் வைத்து நூலகக் கணினியில் ஏற்றிவிடுங்கள். பெயரில் இதழ், ஆண்டு, மாதம், அச்சிட்ட பக்க எண் இந்த வரிசையில் வர வேண்டும். தட்டச்சுக் கோப்புக்கும் அதே பெயர், கடைசிப் பகுதி மட்டும் மாறும்:

```
ithazh_1954-02_p017.jpg
ithazh_1954-02_p017.txt
```

அட்டை கிழிந்த இதழுக்கு மாதமும் ஆண்டும் எங்கிருந்து வரும்? உள்ளே எங்காவது தமிழ் வருஷம் இருக்கும். ‘விஜய ௵ மாசி ௴’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் பலரும் இதை ‘விஜய ளு மாசி மீ’ என்று அடித்துவிடுகிறார்கள். ஏனென்றால் அந்தக் குறிகள் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ௵ என்பது வருஷம், ௴ என்பது மாதம். விஜய வருஷம் 1953 ஏப்ரல் நடுவில் பிறந்தது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே இது 1954 பிப்ரவரி–மார்ச் இதழ். கோப்பின் பெயரில் 1953 என்று போட்டால் ஒரு வருஷம் பின்னே போய்விடும்.

வருஷமும் இல்லையா? விளம்பரங்களைப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ என்று நயா பைசா இருந்தால் 1957 ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ வந்தது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன் அச்சாகியிருக்க முடியாது. விளம்பரத்தைத் தட்டச்சு செய்ய நேரமில்லை என்று விட்டாலும் படம் எடுக்காமல் விடாதீர்கள்.

திங்கள் முதல் புதன் வரை: தட்டச்சு. ஆளுக்கு இரண்டு பக்கம், தத்தம் வசதிப்படி. சட்டம் ஒன்றுதான்: தாளில் இருப்பதை அடியுங்கள், சரியானதை அடிக்காதீர்கள். ‘அபிப்பிராயம்’ என்று இருந்தால் ‘கருத்து’ ஆக்கக் கூடாது. ‘வருஷம்’ ‘வருடம்’ ஆகக் கூடாது. அச்சுப் பிழை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் அப்படியே விட்டு, கோப்பின் அடியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். போனில் அடிப்பவர்கள் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமலே பழைய சொல்லை அது புதுச்சொல் ஆக்கிவிடும், படிக்கும்போது வாக்கியம் சரியாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது.

வரி முறிகிற இடத்தில் நீங்கள் முறிக்க வேண்டாம். பழைய இதழில் சொல்லைப் பாதியில் வெட்டி, இணைப்புக் கோடு கூடப் போடாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். வரிக் கடைசியில் ‘அவ’, அடுத்த வரி முதலில் ‘ருடைய’ என்று இருந்தால் ‘அவருடைய’ என்று சேர்த்து அடியுங்கள். பத்தி பிரிவதை மட்டும் மூலத்தில் உள்ளபடி காட்டுங்கள். ‘43-ம் பக்கம் பார்க்க’ என்று கட்டுரை தாவினால் நீங்கள் தாவாதீர்கள். ஒரு பக்கம், ஒரு கோப்பு. படிக்க முடியாத எழுத்துக்கு [?], ஊகித்த சொல்லுக்கு [பாளையம்?] என்று அடைப்புக்குறி போடுங்கள். ஊகத்தை அடைப்பு இல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம்.

இளையவர்கள் தடுமாறுவது பழைய எழுத்து வடிவத்தில். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் ஒரே சுழியாக அச்சாகும். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போட்ட வடிவில் வரும். பழக்கமில்லாதவர் ‘என்னால்’ என்பதை ‘என்னல்’ என்று அடிப்பது இதனால்தான். ‘அண்ணாமலை’ என்ற சொல்லில் இரண்டு வகையும் வருகிறது. இதழில் அதைத் தேடிப் பெரிதாகப் படமெடுத்து மேசைமேல் ஒட்டிவையுங்கள். தட்டச்சில் இதற்குத் தனி வேலை கிடையாது, இன்றைய ணா, லை இரண்டையும் வழக்கம்போல் அடித்தால் போதும்.

வியாழன் மாலை: ஒப்புநோக்கல். வாரத்தின் முக்கிய நாள் இது, எல்லாரும் வரவேண்டும். பழைய அச்சகங்களில் காப்பி ஹோல்டர் என்று ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மெய்ப்புத் திருத்துபவர் அச்சுத் தாளைப் பார்ப்பார். அதே முறைதான் இங்கேயும். ஒருவர் படத்தைப் பார்த்து நிறுத்தற்குறி உட்படப் படிக்க, இன்னொருவர் தட்டச்சைப் பார்க்க வேண்டும். இருவரில் யாருமே அந்தப் பக்கத்தை அடித்தவராக இருக்கக் கூடாது. அடித்தவர் கண்ணுக்குத் தான் அடித்ததே தெரியும்.

காதுக்கு எட்டாத பிழைகளும் உண்டு. ‘தமிழரின்’ என்பதை ‘ர’கரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு ‘தமிழாின்’ என்று அடித்திருப்பார்கள். பல எழுத்துருவில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் பின்னால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. ஒப்புநோக்கி முடித்ததும் `Ctrl+F` அழுத்தி ‘ாி’, ‘ா்’ இரண்டையும் தேடுங்கள். துணைக்காலுக்குப் பின் கொக்கியோ புள்ளியோ தமிழில் வரவே வராது, ஆகவே அகப்படுவது எல்லாமே பிழை. ‘ஒள’ என்றும் தேடுங்கள். ‘ஔவை’யை ‘ஒளவை’ என்று இரண்டெழுத்தாக அடித்திருந்தால் திருத்துங்கள். இங்கே மட்டும் ஒரேயடியாக மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், ‘ஒளி’யும் ‘ஒளிந்தான்’ஐயும் கெடுத்துவிடும். ‘கௌரவம்’ போன்ற சொற்களிலும் இதே பிழை உண்டு, அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

தமிழ் எண்களையும் அன்றே பாருங்கள். ௧ ‘க’ மாதிரியும், ௨ ‘உ’ மாதிரியும், ௭ ‘எ’ மாதிரியும் இருப்பதால் எழுத்தாகவே அடித்திருப்பார்கள். மூலத்தில் தமிழ் எண் இருந்தால் தமிழ் எண்ணே அடிக்க வேண்டும். விலை 0-4-0 என்று இருந்தால் அது நாலணா, அதையும் மாற்ற வேண்டாம்.

சனிக்கிழமை அரை மணி: கணக்கு. நூலகர் ஒரு நோட்டில் கோப்பின் பெயர், எடுத்தவர், அடித்தவர், ஒப்பிட்ட இருவர், தேதி என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். ஐந்தும் நிரம்பிய பக்கம் மட்டுமே முடிந்தது. அவற்றைப் படத்தோடு சேர்த்து நூலகக் கணினியிலும், ஒரு பென் டிரைவிலும், நூலகத்தின் மின்னஞ்சல் கணக்கிலுள்ள டிரைவிலும் வையுங்கள். பிள்ளைகளின் சொந்தக் கணக்கில் வேண்டாம், கல்லூரிக்கு வெளியூர் போனால் கோப்பும் கூடவே போய்விடும். கட்டம் நிரம்பாத பக்கங்கள் அடுத்த வாரக் கணக்கில் முதலில் வரும். நாலு பக்கம் பாக்கி என்றால் ஞாயிறன்று புதிதாக எட்டுப் பக்கம் மட்டும்.

தாள் இதோடு முடிந்தது. நூலகருக்கு மட்டும் ஒரு வார்த்தை: தட்டச்சானதை இணையத்தில் போட யாராவது ஆசைப்பட்டால் இதழின் வயதை மட்டும் பார்த்து அனுமதிக்காதீர்கள். நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1954 இதழிலேயே 1990இல் மறைந்தவர் எழுதிய கதை இருந்தால் அது 2050 முடியும் வரை அவர் வாரிசுகளுடையது. அதே இதழில், எழுதியது யாரென்று எங்குமே வெளிவராத துணுக்குக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 கணக்கு, அது 2014 முடிவிலேயே தீர்ந்துவிட்டது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் என்றால் தடையில்லை. எனவே நோட்டில் ஆறாவதாக, கட்டுரையை எழுதியவர் பெயருக்கு ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.