அம்மாவைத் தூக்குவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 78 வயது, 60 கிலோ எடை. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அடிக்கடி கால்பக்கம் சரிந்துவிடுகிறார். அக்குளில் கைகொடுத்து நான் ஒருத்தியே மேலே இழுத்துப் போடுகிறேன். ஆறு மாதமாக இடுப்பு வலி தாங்க முடியவில்லை. உள்ளூரிலேயே இருக்கும் தம்பியைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. நான் எந்த பெல்ட் போடலாம்?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

பெல்ட்டை விட்டுவிடுங்கள். அதைக் கட்டிக்கொண்டு அதே வேலையை அதே முறையில் செய்தால் வலிக்கான காரணம் அப்படியேதான் இருக்கும். ஆனால் தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ, பாதம் தொய்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சென்ற மாதம் பழைய பெட்டியில் என் அப்பாவின் வேட்டி ஒன்று கிடைத்தது. இரு ஓரங்களிலும் கைப்பிடித்த இடம் மட்டும் நைந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவரும் பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்து கிடந்தவர்தான். முதல் சில மாதங்கள் நானும் உங்களைப் போலவே அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். என் இடுப்பு போனது பெரிதில்லை. அவருடைய இடது தோள் தன் குழியிலிருந்து இறங்கி, தொட்டாலே முகம் சுருங்கும் அளவுக்கு வலித்தது. பக்கவாதத்தில் தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடுவதால், அந்தக் கையையோ அக்குளையோ பிடித்து இழுத்தால் மூட்டு கெடும் என்பதை வீட்டுக்கு வந்த செவிலியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். அம்மாவின் வலது அக்குளில் இனி ஒருமுறைகூடக் கைவைக்காதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

நோயாளிகளைக் கையால் தூக்குவதைப் பற்றி ஆராய்ந்த தாமஸ் வாட்டர்ஸ், எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஒருவர் கையில் ஏறும் சுமை 35 பவுண்டை, அதாவது ஏறக்குறைய 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2007இல் எழுதினார். உங்கள் அம்மாவின் எடை அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே எப்படித் தூக்குவது என்ற யோசனையையே விட்டுவிட்டு, எப்படி வழுக்கி நகர்த்துவது என்று பாருங்கள்.

அந்தச் செவிலியர் காட்டிய முறை இதுதான். வேட்டியை நான்காக மடித்து, அம்மாவை ஒருபக்கமாக ஒருக்களித்து, தோள் முதல் தொடை வரை அடியில் வரும்படி விரியுங்கள். கட்டிலின் சக்கரங்களைப் பூட்டி, தலைப்பக்கத்தை முழுவதும் தாழ்த்திவிடுங்கள். சரிவில் மேல்நோக்கி இழுப்பதுதான் முதுகை முறிப்பது. தலையணையை எடுத்துத் தலைமாட்டுப் பலகையில் சாய்த்து வைத்தால் தலை இடிக்காது. அம்மாவின் நல்ல காலான இடது காலை மடக்கிப் பாதத்தை ஊன்றச் செய்யுங்கள். நீங்களும் தம்பியும் இருபக்கமும் நின்று, வேட்டியின் ஓரத்தை அம்மாவின் உடலை ஒட்டியே சுருட்டிப் பிடித்து, தலைமாட்டை நோக்கி ஒரு காலை முன்னே வையுங்கள். மூன்று எண்ணியதும் அம்மா இடது பாதத்தால் உந்தட்டும். நீங்கள் பின்காலிலிருந்து முன்காலுக்கு உடல் எடையை மாற்றினாலே போதும், அவர் நகர்ந்துவிடுவார். கை மேலே எழும்பினால் தூக்குகிறீர்கள் என்று பொருள், நிறுத்துங்கள். வேட்டி மெத்தையில் சிக்கிக்கொண்டு வந்தால், அதற்கடியில் வழுவழுப்பான நைலான் துணியை இரண்டாக மடித்து வையுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் உருவிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே அவரைக் கீழே வழுக்கிவிடும்.

அம்மா ஏன் சரிகிறார் என்பதையும் பாருங்கள். இடுப்பு, கட்டில் மடங்கும் இடத்துக்குக் கீழே இருக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தினால் உடல் கீழ்நோக்கித் தள்ளப்படும். முதலில் இடுப்பை மடிப்பில் பொருத்தி, முழங்கால்களுக்கு அடியில் தலையணை கொடுத்துவிட்டு, அதன்பிறகே உயர்த்துங்கள். உணவு கொடுக்கும்போது நன்றாக உயர்த்தத்தான் வேண்டும். மற்ற நேரங்களில் 30 பாகைக்கு மேல் வேண்டாம். சரிவது குறைந்தால், பின்புறத் தோல் இழுபட்டுப் புண்ணாவதும் குறையும்.

தம்பியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துக் கோபம் வந்தது. அம்மா அவருக்கும் அம்மாதானே? அவர் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை என இரண்டு வேளை வந்து வேட்டியின் மறுமுனையைப் பிடிக்கட்டும். முதல்நாள் அம்மாவுக்குப் பதிலாக அவரையே அந்தக் கட்டிலில் படுக்கவைத்து, வேறொருவர் துணையோடு நகர்த்திக் காட்டுங்கள்.