ஊருக்குப் புதிதாக வருபவருக்கு ஸ்டூடியோ வீடு: விளம்பரத்தில் என்ன எழுதலாம்?

கேள்வி: சின்ன ஸ்டூடியோ ஒன்றைக் கட்டில், மேசை எல்லாம் போட்டு வாடகைக்கு விடப்போகிறேன். வேலைக்காகப் புதிதாக ஊருக்கு வரும் இளைஞர்கள் எடுத்தால் நன்றாக இருக்கும். விளம்பரத்தை எப்படி எழுதுவது?

பதில்: முதல்முறை நான் எழுதியபோது ‘எல்லா வசதிகளும் கொண்ட ஸ்டூடியோ’ என்று போட்டிருந்தேன். வெளியூரில் இருந்த ஒரு பெண் நேரில் பார்க்காமலே எடுத்துக்கொண்டார். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். கட்டிலும் மெத்தையும் இருந்தன. தலையணை இல்லை, போர்வை இல்லை, தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர்கூட இல்லை. கடைகளும் மூடும் நேரம். என் வீட்டிலிருந்து ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. ‘எல்லா வசதிகளும்’ என்றால் அவருக்கு அதெல்லாம் சேர்த்திதான்.

அன்றிலிருந்து விளம்பரத்தை ஒரே ஒரு கேள்வியை வைத்து எழுதுகிறேன்: வந்து இறங்கும் முதல் ராத்திரிக்கு அவர் எதைக் கொண்டுவர வேண்டும்? அதனால் பொருள்களை எண்ணி எழுதுகிறேன். இல்லாதவற்றையும் அதே பத்தியில் சொல்லிவிடுகிறேன். இப்போது என் விளம்பரத்தில் இருப்பது இது:

“அறை 17 அடி நீளம், 12 அடி அகலம். சமையல் மேடை இதே அறையில், ஜன்னல் பக்கம். குளியலறை தனி. 4 அடி அகலக் கட்டில், மெத்தை, இரண்டு தலையணை, இரண்டு செட் விரிப்பு. மூன்றரை அடி மேசை, சாயும் நாற்காலி. இரண்டு பர்னர் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், இரண்டு பேருக்கான தட்டு, டம்ளர். வாஷிங் மெஷின் வீட்டில் இல்லை. கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. துண்டும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டு வாருங்கள்.”

அளவைச் சொல்லத் தயங்க வேண்டாம். சிறிய வீடு என்பதை மறைத்தால், வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகமாவார்கள். வாசிப்பவர் 17க்கு 12 என்பதைத் தன் இப்போதைய அறையோடு ஒப்பிட்டுத் தானே முடிவெடுத்துக்கொள்வார். படத்திலும் இதே நேர்மை வேண்டும். போனில் இருக்கும் 0.5 லென்ஸ் அறையை இழுத்துப் பெரிதாகக் காட்டும். சாதாரண 1x போதும். கதவு மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். எதிர் மூலையிலிருந்து இன்னொன்று. அப்புறம் குளியலறை, ஜன்னலுக்கு வெளியே தெரிவது, திறந்த அலமாரியின் உள்பக்கம். கட்டிலும் மேசையும் எங்கே என்று கையால் வரைந்த ஒரு கோட்டுப் படமும் சேர்த்தால் இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள்கள் இருப்பவர் இணையத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார். ‘வேகமான வைஃபை’ என்று எழுதாமல், மேசையில் உட்கார்ந்து அளந்து, வந்த எண்ணைப் போடுங்கள். கட்டணம் வாடகையில் சேர்த்தியா என்றும் சொல்லிவிடுங்கள். சத்தமும் அப்படித்தான். என் ஜன்னலுக்குக் கீழே சாலை. காலை ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் தொடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறேன்.

‘மையமான இடம்’ என்பது ஊருக்குப் புதியவருக்கு எதையும் சொல்லாது. எந்த நிறுத்தம், அங்கே நடந்து போக எத்தனை நிமிடம், வேலை நாள் காலை எட்டரைக்கு அலுவலகப் பகுதிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ஒருநாள் அந்த நேரத்தில் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மதியம் ஆகும் நேரமும் காலை ஆகும் நேரமும் ஒன்றல்ல.

பணத்தில் வாசிப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு தொகை: மாதம் மொத்தம் எவ்வளவு, சாவி வாங்கும் நாளில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும். முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், எதற்காகப் பிடிப்பீர்கள், குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்பதும் அதற்குப் பக்கத்திலேயே வரட்டும். வேலையின் சோதனைக் காலத்தில் இருப்பவருக்கு அந்த மாதக் கணக்குதான் பெரிய கவலை.

வெளியூரிலிருந்து எடுப்பவருக்கு ஏமாந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கும், அது நியாயமானதுதான். வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டுவேன், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பிறகு பணம் அனுப்பினால் போதும் என்று நான் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று, ‘இளைஞர்களுக்கு மட்டும்’, ‘திருமணமாகாதவர்களுக்கு மட்டும்’ என்று போடாதீர்கள். வயதையோ குடும்ப நிலையையோ வைத்து வாடகைதாரரை ஒதுக்குவது பல நாடுகளில் சட்டப்படி தவறு. வீட்டைச் சரியாக விவரித்தால் அது யாருக்குப் பொருந்தும் என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். மேசை, இணைய வேகம், காலைப் பயண நேரம் இவற்றையெல்லாம் பார்க்கிற இளைஞர் தானாகவே உங்களுக்கு எழுதுவார்.